ஒரே பட்டம், நான்கு கேள்விகள்: புகைப்படத்தில் உள்ள கவராய வரைபடத்தைப் படித்து நிறுவும் முறை

கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பி, "இந்தக் கோடு கோணத்தைச் சரியாக இரண்டாகப் பிரிக்கிறதா, பிரித்தால் ஏன் பிரிக்கிறது?" என்று கேட்பது இன்று மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. பதில் சொல்ல வருபவர் பெரும்பாலும் முதலில் செய்வது, திரையின் மேல் கோணமானியை வைத்தோ ஏதேனும் ஒரு செயலியைக் கொண்டோ இரு கோணங்களையும் அளப்பதுதான். அது தவறான தொடக்கம். புகைப்படத்தில் நீளமும் கோணமும் மாறிவிடக்கூடியவை. மாறாமல் நிற்பவை எந்தப் புள்ளியில் கவராயத்தின் முள் ஊன்றப்பட்டது, எந்த வில் எந்தக் கோட்டை எங்கே வெட்டியது என்ற செய்திகள் மட்டுமே. இந்த வழிகாட்டி அந்தச் செய்திகளைப் படத்திலிருந்து எடுத்து, அவற்றைக் கொண்டு நிறுவல் எழுதும் முறையைக் கோண இருசமவெட்டியை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறது.

வில் என்பது எழுதப்பட்ட சமன்பாடு

கவராயத்தைத் திறந்து முள்ளை ஒரு புள்ளியில் ஊன்றி வில் ஒன்றை வரைந்தால், அந்த வில்லின் மேலுள்ள எல்லாப் புள்ளிகளும் முள் ஊன்றிய புள்ளியிலிருந்து சம தொலைவில் இருக்கின்றன. கவராயம் செய்யக்கூடியது இது ஒன்றுதான். எனவே ஒரு வரைபடத்தில் காணப்படும் ஒவ்வொரு வில்லையும் "இந்த நீளமும் அந்த நீளமும் சமம்" என்ற ஒரு வாக்கியமாகவே படிக்க வேண்டும். வரைந்தவர் விற்களை அழித்துவிட்டு இறுதிக் கோட்டை மட்டும் அனுப்பியிருந்தால் அந்த வாக்கியங்கள் அனைத்தும் அழிந்துவிட்டன என்று பொருள். அத்தகைய படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. விற்கள் தெரியும்படி மீண்டும் வரைந்து அனுப்பும்படி கேட்பதே முறை.

விற்கள் இருக்கும் படத்தில் முதலில் தேட வேண்டியது முள்துளைகளை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாளில் முள் ஊன்றிய இடம் ஒரு சிறு கரும்புள்ளியாகவோ, சுற்றிலும் லேசாகப் பிதுங்கிய மேடாகவோ தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எடுத்த படத்தில் இது நன்றாகத் தெரியும். துளை தெரியாவிட்டால் வில்லின் உட்புறம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கொண்டு மையம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். மையம் தெரிந்த பிறகு எந்தெந்த விற்கள் கவராயத்தின் திறப்பை மாற்றாமல் வரையப்பட்டவை என்று வரைந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைப் படத்தில் அளந்து முடிவு செய்யக் கூடாது. காரணத்தைப் பின்னர் எண்களுடன் பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட படம்

ஒரு குறிப்பிட்ட படத்தை எடுத்துக்கொள்வோம். ∠ABC என்பது 60° கோணம். BC தாளின் அடிவிளிம்புக்கு இணையாக இருக்கிறது. அந்தக் கோணத்தை இருசமமாக வெட்டுவதற்காக வரைந்தவர் செய்தவை இவை.

படி 1. முள்ளை B-இல் ஊன்றி, 4 செ.மீ ஆரத்தில் வரைந்த வில் BC-ஐ D-யிலும் BA-ஐ E-யிலும் வெட்டுகிறது.

படி 2. முள்ளை D-இல் ஊன்றி, கோணத்தின் உட்பகுதியில் B-க்கு எதிர்ப்புறத்தில் ஒரு வில் வரையப்படுகிறது. ஆரம் DE-யின் பாதியைவிடப் பெரிதாக இருந்தால் போதும். முதலில் எடுத்த 4 செ.மீ-ஆகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் படத்தில் திறப்பை மாற்றாமல் 4 செ.மீ-ஆகவே வைத்துக்கொள்ளப்பட்டது.

படி 3. திறப்பை மாற்றாமல் முள்ளை E-க்கு நகர்த்தி இன்னொரு வில் வரைந்தால், அது முந்தைய வில்லை P-இல் வெட்டுகிறது.

படி 4. அளவுகோலை B, P இரண்டிலும் பொருத்திக் கதிர் BP வரையப்படுகிறது. இதுவே கோண இருசமவெட்டி.

படத்தில் மூன்று முள்துளைகள் தெரிய வேண்டும்: B, D, E. P-யில் துளை இருக்காது. P-யிலும் துளை தெரிந்தால் வரைந்தவர் வேறு எதையோ செய்திருக்கிறார் அல்லது வரைந்த பின் சரிபார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

இது ஏன் வேலை செய்கிறது

D-யையும் P-யையும், E-யையும் P-யையும் மெல்லிய கோடுகளால் இணைத்துக்கொள்வோம். வரைவதற்கு இக்கோடுகள் தேவையில்லை, நிறுவுவதற்குத் தேவை. பல பாடநூல் படங்களில் இவை இல்லாததாலேயே காரணம் மறைந்துபோகிறது. இப்போது விற்கள் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக எழுதலாம்.

முதல் வில்லின் மையம் B. D-யும் E-யும் அதன் மேல் இருக்கின்றன. ஆகவே BD = BE. இரண்டாம், மூன்றாம் விற்கள் ஒரே திறப்பில் வரையப்பட்டவை; P இரண்டின் மேலும் இருக்கிறது. ஆகவே DP = EP. BP என்ற பக்கம் △BDP-க்கும் △BEP-க்கும் பொதுவானது. மூன்று பக்கங்களும் முறையே சமமாக இருப்பதால் ப-ப-ப கொள்கையின்படி இரு முக்கோணங்களும் சர்வசமம். சர்வசம முக்கோணங்களின் ஒத்த கோணங்கள் சமம் என்பதால் ∠DBP = ∠EBP. நிறுவல் இவ்வளவே.

இந்த நிறுவலில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. BD = BE என்பதும் DP = EP என்பதும் பயன்பட்டன; BD = DP என்பது எங்கும் பயன்படவில்லை. அதனால்தான் படி 2-இல் திறப்பை மாற்றிக்கொள்ள உரிமை இருக்கிறது, படி 3-இல் அந்த உரிமை இல்லை. "எங்கே கவராயத்தைத் தொடக் கூடாது?" என்ற கேள்விக்கு மனப்பாடமாக விடை சொல்ல வேண்டியதில்லை, நிறுவலின் இரண்டு சமன்பாடுகளே அதைச் சொல்லிவிடுகின்றன. அதேபோல் கோணம் 60° என்பதும் எங்கும் வரவில்லை, எனவே 17° கோணத்திற்கும் 150° கோணத்திற்கும் இதே நிறுவல்தான்.

ஆரம் DE-யின் பாதியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் காரணம் எளிது. D, E, P மூன்றும் ஒரு முக்கோணத்தின் முனைகள். ஒரு முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது. DP-யும் EP-யும் சமமாக இருந்து, அவற்றின் கூடுதல் DE-யைவிடப் பெரிதாக வேண்டுமானால் ஒவ்வொன்றும் DE-யின் பாதியைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் விற்கள் ஒன்றையொன்று தொடாமலே நின்றுவிடும்.

இன்னொரு நுட்பம் உண்டு. D-யையும் E-யையும் மையமாகக் கொண்ட இரு வட்டங்களும் உண்மையில் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. திறப்பை மாற்றாமல் 4 செ.மீ-ஆகவே வைத்திருந்தால் இரண்டாவது வெட்டுமிடம் B-யேதான், ஏனெனில் B-யும் D, E இரண்டிலிருந்தும் 4 செ.மீ தொலைவில் இருக்கிறது. B-யை B-யோடு இணைத்துக் கோடு வரைய முடியாது. திறப்பைக் குறைத்திருந்தால் இரண்டாவது வெட்டுமிடம் B-க்கும் DE-க்கும் நடுவே விழும். கூட்டியிருந்தால் B-க்குப் பின்புறம் விழும். பின்புறம் விழுந்த புள்ளியை வைத்து வரைந்தாலும் கோடு சரியானதே, ஆனால் கதிரின் திசை எதிர்மாறாகிவிடும். அதை B-க்கு அப்பால் நீட்டினால்தான் கோணத்தின் உள்ளே நுழையும். இப்படி வரைந்த படத்தைப் பார்த்ததும் தவறு என்று அடித்துவிட வேண்டாம்.

அதே படம், வேறு கேள்வி

B, D, P, E என்ற நான்கு புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் நாற்கரம் பட்டம் எனப்படும். அடுத்துள்ள இரு பக்கங்கள் சமமாக, மற்ற இரு பக்கங்களும் தமக்குள் சமமாக இருப்பது அதன் இலக்கணம். எல்லா ஆரங்களும் ஒன்றாக இருந்தால் அது சாய்சதுரம். பள்ளியில் தனித்தனிப் பாடங்களாக வரும் நான்கு வரைபடங்களும் இந்த ஒரே பட்டத்தின் மேல் கேட்கப்படும் நான்கு கேள்விகள் என்பது என் கருத்து. படத்தை அனுப்பியவர் எந்தக் கோட்டை முதலில் கொடுத்தார், எதைக் கடைசியில் வரைந்தார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

DE என்ற கோட்டுத்துண்டு கொடுக்கப்பட்டு, அதன் மையக்குத்துக்கோடு கேட்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அப்போது முள்துளைகள் D-யிலும் E-யிலும் மட்டுமே இருக்கும். மேலே ஒரு வெட்டுப்புள்ளியும் கீழே ஒரு வெட்டுப்புள்ளியும் கிடைக்கும். அவற்றை P, Q என்போம். PQ கோடு DE-யை M-இல் வெட்டுகிறது. இங்கே நிறுவல் இரண்டு கட்டமாக நடக்கிறது, இரண்டாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதற்கட்டத்தில் DP = EP, DQ = EQ, PQ பொது என்பதால் △DPQ-வும் △EPQ-வும் சர்வசமம்; எனவே ∠DPM = ∠EPM. இது அப்படியே முன் பார்த்த கோண இருசமவெட்டி நிறுவல்தான். இரண்டாம் கட்டத்தில் △DPM, △EPM இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம்: DP = EP, இடைப்பட்ட கோணங்கள் சமம் என்று இப்போதுதான் நிறுவினோம், PM பொது. ஆகவே ப-கோ-ப கொள்கையின்படி இவை சர்வசமம். இதிலிருந்து DM = EM என்பதும், M-இல் உள்ள இரு கோணங்களும் சமம் என்பதும் கிடைக்கின்றன; அவ்விரண்டும் சேர்ந்து நேர்கோணம் 180° ஆவதால் ஒவ்வொன்றும் 90°.

இங்கும் மேலே வரைந்த இணை விற்களின் ஆரமும் கீழே வரைந்த இணை விற்களின் ஆரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோட்டுத்துண்டு தாளின் அடிவிளிம்பை ஒட்டி இருந்து கீழே இடமில்லாவிட்டால், மேற்புறத்திலேயே இரண்டு வெவ்வேறு திறப்புகளில் இரண்டு வெட்டுப்புள்ளிகளைப் பெற்று இணைக்கலாம். ஒரே பக்கத்தில் நான்கு விற்கள் தெரியும் படம் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும், காரணம் இதுதான்.

கோட்டிற்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து செங்குத்து வரையும் வரைபடத்தில் முதலில் அந்தப் புள்ளியில் முள் ஊன்றப்படுகிறது. அதைப் B என்றே வைத்துக்கொண்டால், அதிலிருந்து வரைந்த வில் கோட்டை D, E இரண்டில் வெட்டுகிறது. பிறகு D, E-யிலிருந்து சம ஆரத்தில் P கிடைக்கிறது. கோண இருசமவெட்டியில் இருந்த அதே மூன்று துளைகள், அதே விற்கள். கோண இருசமவெட்டிப் படத்தில் BA, BC என்ற கரங்கள் அழுத்தமாக வரையப்பட்டிருக்கும், DE இருக்காது. செங்குத்துப் படத்தில் DE அழுத்தமாக இருக்கும், BD, BE இருக்காது. BP கோடு இரண்டு வேலைகளையும் ஒரே சமயத்தில் செய்கிறது. இனி கோட்டின் மேலுள்ள புள்ளியில் செங்குத்து வரைவது என்பது D, B, E மூன்றும் ஒரே கோட்டில் அமைந்துவிட்ட நிலை, அதாவது 180° கோணத்தை இருசமமாக வெட்டுவது. நிறுவலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதல் புத்தகத்தில் இந்நான்கையும் 9 முதல் 12 வரையிலான கூற்றுகளாக அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கோணத்தை வெட்டுவது 9, கோட்டுத்துண்டை வெட்டுவது 10, கோட்டின் மேலுள்ள புள்ளியில் செங்குத்து 11, வெளிப்புள்ளியிலிருந்து செங்குத்து 12. அவற்றுக்குத் தேவையான ப-ப-ப கொள்கை அவற்றுக்குச் சற்று முன் 8-ஆவதாக வருகிறது. 9-ஆவது கூற்றில் அவர் DE-யின் மேல் ஒரு சமபக்க முக்கோணத்தை வரைந்து P-யைப் பெறுகிறார். நம் படத்தில் கோணம் 60° என்பதால் அதுவும் நம் P-யும் ஒன்றே.

படம் எங்கே பொய் சொல்கிறது

இப்போது அளக்கும் பிரச்சினைக்கு வருவோம். மேற்சொன்ன படம் தாளில் மிகத் துல்லியமாகவே வரையப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் படமெடுத்தவர் கைபேசியைத் தாளுக்கு நேர்மேலே பிடிக்காமல் தம் பக்கமாக ஏறத்தாழ 37° சாய்த்து, சற்றுத் தொலைவிலிருந்து எடுத்திருக்கிறார். இதனால் தாளின் குறுக்கு அளவுகள் அப்படியே இருக்க, மேல்-கீழ் அளவுகள் ஏறத்தாழ 0.8 மடங்காகச் சுருங்கிவிடும்.

தாளில் BP-யின் சாய்வு tan 30° = 0.577. படத்தில் அது 0.577 × 0.8 = 0.462 ஆகிறது, அதற்குரிய கோணம் 24.8°. BA-யின் சாய்வு tan 60° = 1.732, படத்தில் 1.386 ஆகிறது, அதற்குரிய கோணம் 54.2°. ஆக, திரையில் கோணமானியை வைப்பவருக்குக் கீழ்க்கோணம் 24.8° என்றும் மேற்கோணம் 54.2 − 24.8 = 29.4° என்றும் கிடைக்கும். நாலரைப் பாகைக்கு மேல் வேறுபாடு. "இருசமவெட்டி தவறு" என்று அவர் சொல்லிவிடுவார், வரைந்தவரோ எந்தத் தவறும் செய்யவில்லை. நீளங்களும் இப்படித்தான்: BD படத்திலும் 4 அலகாக இருக்க, BE 3.42 அலகாகத் தெரியும். ஒரே வில்லின் இரண்டு ஆரங்கள் சமமற்றவையாகத் தெரிகின்றன என்றால் அந்த வில் படத்தில் வட்டவில்லே அல்ல, நீள்வட்டத்தின் துண்டு என்று பொருள்.

சாய்ந்த படத்திலும் மாறாதவை உண்டு. நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். இரு கோடுகளோ விற்களோ வெட்டும் புள்ளி வெட்டும் புள்ளியாகவே இருக்கும். ஒரு வில் ஒரு புள்ளி வழியே செல்கிறது என்ற செய்தியும் மாறாது. கேமரா தொலைவில் இருந்தால் இணைகோடுகள் இணையாகவே தெரியும், நடுப்புள்ளியும் நடுப்புள்ளியாகவே நிற்கும். நம் படத்தில் B, D, P, E சாய்சதுரம். சாய்ந்த படத்தில் அது இணைகரமாகத் தெரியும், அதன் மூலைவிட்டங்களான BP-யும் DE-யும் அப்போதும் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும். கேமரா மிக அருகில் இருந்தால் இதுவும் போய்விடும்: தொலைவிலுள்ள பகுதி கூடுதலாகச் சுருங்குவதால் DE-யின் உண்மையான நடுப்புள்ளி படத்தில் அளந்து கண்ட நடுப்புள்ளியாக இருக்காது. அப்போதும் மூலைவிட்டங்கள் வெட்டும் இடமே உண்மையான நடுப்புள்ளி, அளவு அல்ல.

ஆனால் இணைகரமாகத் தெரிகிறது என்பதையே சான்றாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எந்த இணைகரத்தையும் தகுந்த சாய்விலிருந்து பார்த்த சாய்சதுரமாகக் கருத முடியும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இணைகரமாக இல்லாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று சொல்லலாம். இணைகரமாக இருப்பதால் கோணம் சமமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.

படப்பிழையா, வரைபிழையா

இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜியோஜிப்ரா போன்ற வடிவியல் செயலியில் படத்தை ஏற்றி, அதன் மேல் B, D, E, P புள்ளிகளைக் குறியுங்கள். பிறகு B-யை மையமாகக் கொண்டு D வழியே செல்லும் வட்டத்தைச் செயலியால் வரையச் செய்து, அது பென்சில் வில்லின் மேல் முழுநீளமும் படிகிறதா என்று பாருங்கள். செயலியின் வட்டம் உண்மையான வட்டம். பென்சில் வில் அதிலிருந்து விலகி ஓடினால் படம் சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தில் எதை அளந்தாலும் பயனில்லை. வட்டம் வில்லோடு நன்றாகப் படிந்து, D-யையும் P-யையும் மையமும் புள்ளியுமாகக் கொண்ட வட்டமும் தன் வில்லோடு படிந்து, அப்படியிருந்தும் DP-யும் EP-யும் வேறுபட்டால் படம் நேராக இருக்கிறது, வரைந்தவரின் கவராயம்தான் நழுவியிருக்கிறது. வில் நீளமாக இருந்தால்தான் இந்தச் சோதனை நம்பத்தக்கது, அரை செ.மீ நீளமுள்ள கீற்றின் மேல் எந்த வட்டமும் படிந்ததுபோலவே தெரியும். ஆகவே படமெடுத்து அனுப்பவிருப்பவர் முதல் வில்லையாவது தாராளமாக, முடிந்தால் முழு வட்டமாகவே வரைந்துவிடுவது நல்லது.

சாய்ந்த படத்தைத் திருத்தவும் முடியும். கைபேசியில் ஆவணங்களை வருடும் செயலிகள் தாளின் நான்கு மூலைகளையும் கண்டு அதைச் செவ்வகமாக்கித் தருகின்றன. ஆனால் செவ்வகத்தின் நீள அகல விகிதத்தைச் செயலி தவறாக ஊகித்தால் படம் ஒரு திசையில் இழுபட்டுவிடும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ, நோட்டுப் பக்கத்தின் விகிதம் வேறு. கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் திருத்திய படத்தில் கட்டங்கள் சதுரமாக இருக்கின்றனவா என்று பார்த்து இதை உடனே அறியலாம். நோட்டின் தையல் பக்கம் மேடாக வளைந்திருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது, ஏனெனில் அங்கே நேர்கோடே வளைந்து தெரியும். தாளைத் தட்டையாக அழுத்தி மீண்டும் எடுப்பதுதான் வழி. எடுக்கும்போது மிக அருகே போகாமல் சற்று உயரத்திலிருந்து நேர்கீழாக எடுத்துப் பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கவராயம் நழுவினால் எவ்வளவு பிழை

படம் நேராக இருந்து, வரைவில்தான் பிழை என்று தெரிந்தால் அதன் அளவையும் கணக்கிடலாம். நம் படத்தில் D-யிலிருந்து 4 செ.மீ-உம், திருகு தளர்ந்ததால் E-யிலிருந்து 4.2 செ.மீ-உம் எடுத்துவிட்டதாகக் கொள்வோம். P தன் சரியான இடத்திலிருந்து D-யின் பக்கமாக ஏறத்தாழ 2 மி.மீ நகரும். BP ஏறத்தாழ 7 செ.மீ நீளம் என்பதால் கோடு 1.7° அளவுக்குத் திரும்பிவிடும். இரு பகுதிகளும் 28.3°, 31.7° என்று அமையும். தேர்வில் கோணமானியால் சரிபார்க்கும்போது கண்ணில் படக்கூடிய பிழை இது.

நழுவாமலே பிழை வரும் வழி ஒன்றும் இருக்கிறது, அதுவே அடிக்கடி நேர்கிறது. முதல் வில்லை 1 செ.மீ ஆரத்தில் சிக்கனமாக வரைந்துவிட்டு, மற்ற விற்களையும் அதே திறப்பில் வரைந்தால், P-யானது B-யிலிருந்து 1.7 செ.மீ தொலைவிலேயே விழும். பென்சில் முனை மழுங்கி P அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் படிந்தாலே கோடு ஏறத்தாழ 1.7° திரும்பிவிடும். 4 செ.மீ ஆரத்தில் அதே அரை மில்லிமீட்டர் பிழை 0.4° மட்டுமே. முதல் ஆரத்தை இடம் இருக்கும்வரை பெரிதாக எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது ஆரத்தை மிகப் பெரிதாக எடுப்பதில் பயனில்லை. DE-யைவிடப் பல மடங்கு பெரிய ஆரத்தில் இரு விற்களும் ஒன்றையொன்று படுத்தவாக்கில் வெட்டிக்கொள்ளும். வெட்டுப்புள்ளி பக்கவாட்டில் மங்கி நீளும், அந்தத் திசைதான் கோணத்தைக் கெடுக்கும் திசை. மாறாக DE-யின் பாதியைச் சற்றே தாண்டிய ஆரத்தில் வெட்டுப்புள்ளி இருசமவெட்டியின் நெடுக்கில் மங்கும். கோண இருசமவெட்டிக்கு அதனால் கேடில்லை. ஆனால் மையக்குத்துக்கோட்டிற்கு அதே சிறிய ஆரம் கேடு செய்யும், ஏனெனில் P-யும் Q-வும் மிக நெருங்கி, அவற்றை இணைக்கும் கோட்டின் திசை உறுதியற்றதாகிவிடும். விற்கள் ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும்படி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

அளவு ஏமாற்றும் ஒரு படம்

அவ்வப்போது வரும் இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். நம் 60° கோணத்திலேயே DE-யை மூன்று சமபாகங்களாகப் பிரித்து, பிரிக்கும் இரு புள்ளிகளையும் B-யோடு இணைத்து, கோணத்தை மூன்றாக வெட்டிவிட்டதாக அனுப்புவார்கள். DE 4 செ.மீ, B-யிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவு 3.464 செ.மீ. நடுப்பகுதி M-இலிருந்து இருபுறமும் 0.667 செ.மீ நீள்கிறது, அதற்குரிய அரைக்கோணம் 10.9°. ஆகவே நடுக்கோணம் 21.8°, ஓரக்கோணங்கள் ஒவ்வொன்றும் 19.1°. சற்றே சாய்ந்த புகைப்படத்தில் இந்த வேறுபாடு சாய்வின் பிழைக்குள் அமிழ்ந்துபோய், மூன்றும் 20° என்று யாரும் நம்பிவிடக்கூடும்.

நிறுவலைக் கேட்டால்தான் இது பிடிபடும். BD = BE என்று ஒரு வில் சொல்கிறது; DE-யின் மூன்று பாகங்களும் சமம். ஓர முக்கோணத்தையும் நடு முக்கோணத்தையும் ஒப்பிட்டால் அடிப்பக்கங்கள் சமம், பொதுப்பக்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்றாவது பக்கத்தைச் சமம் என்று சொல்லும் வில் படத்தில் எங்கும் இல்லை. ஓர முக்கோணத்தில் அது 4 செ.மீ, நடு முக்கோணத்தில் 3.53 செ.மீ. வேறு விற்களைச் சேர்த்தும் இதைச் சரிசெய்ய முடியாது: அளவுகோலாலும் கவராயத்தாலும் மட்டும் எந்தக் கோணத்தையும் மூன்றாக வெட்டும் பொதுமுறை இருக்க முடியாது என்று பியேர் வான்ட்செல் 1837-இல் நிறுவியிருக்கிறார், இந்த 60° கோணமே அப்படி வெட்ட முடியாதவற்றுள் ஒன்று.